இருபத்திரண்டு கிணறும் நாற்பத்தைந்து நிமிஷமும்

ஏந்தம்பி, நீ செல்போன்ல அனுப்பி வச்ச ராமேஸ்வர டூர் பிளானு வந்து சேர்ந்துச்சு. பதினெட்டுப் பக்கம். ஒவ்வொரு பக்கத்துலயும் சூரியன் உதிக்குது, இல்லாட்டி மறையுது. நடுவுல தங்க எழுத்துல "டிவைன் சேது எக்ஸ்பீரியன்ஸ்". மூணு பகல், ரெண்டு ராத்திரி, நாப்பத்திரண்டு பேரு, ஆளுக்கு 7,999 ரூபா. எட்டாயிரம்னு சொன்னா வாய் சுட்டுரும் போல.

நல்லாத்தான் இருக்கு அப்பு. கலரெல்லாம் அம்புட்டு எடுப்பு. இதைப் போட்ட பய கம்ப்யூட்டர்ல கெட்டிக்காரன். ராமேஸ்வரத்துக்கு வந்திருக்கானாங்கறதுலதான் எனக்குச் சந்தேகம். வந்திருந்தா, பகல் பன்னெண்டே முக்காலுக்குத் திருப்புல்லாணியில பெருமாள் தரிசனம்னு போடுவானா? அந்நேரம் பெருமாளு கதவைச் சாத்திட்டு ஒறங்கிக்கிட்டு இருப்பாரு. நாப்பத்திரண்டு பேரும் பூட்டைச் சேவிச்சுட்டு வரவேண்டியதுதான்.

சரி, ஒவ்வொண்ணா வாரேன். அவசரப்படாத. அவசரமெல்லாம் அந்தப் பதினெட்டுப் பக்கத்துல ஏற்கெனவே போதுமான அளவு இருக்கு.

மொத நாளை எடுத்துக்க. ஏழு மணிக்கு மதுரையில கெளம்பி, ஒம்பதரைக்கு உத்தரகோசமங்கை, அப்புறம் திருப்புல்லாணி, சேதுக்கரை, மூணு மணிக்கு தேவிபட்டினம், நாலரைக்குப் பாம்பன், ஆறரைக்கு ரூமு. வரைபடத்துல கோடு போட்டா அழகாத்தான் இருக்கும். கோயிலுக்குக் கோடு தெரியாதுப்பா, அதுக்கு நடை தொறக்குறதும் சாத்துறதுந்தான் தெரியும். நம்ம பக்கத்துக் கோயிலு பாதி மதியத்துலேருந்து மூணு, மூணரை வரைக்கும் பூட்டிக் கெடக்கும். டூர்க்காரனுக்கு அந்த நேரம் வெறும் இடைவெளி. எங்கயாச்சும் ஒரு கோயிலைத் தூக்கி அதுல செருகிடுறான்.

அதுக்கு மேல ஒரு கூத்து. உத்தரகோசமங்கைப் பக்கத்துல "எமரால்ட் நடராஜா தரிசனம்"னு போட்டு, பச்சைப்பசேல்னு ஒரு படம் ஒட்டிருக்கான். மரகத நடராஜரு அங்க இருக்காருங்கறது வாஸ்தவம். ஆனா வருசம் பூராவும் அவருக்குச் சந்தனக் காப்பு. மார்கழித் திருவாதிரை வாரப்பத்தான் சந்தனத்தைக் களைஞ்சு மேனியக் காட்டுவாக. அந்த ஒரு நாளைக்கு ஊர் தாங்காது. நீங்க போறது எந்த மாசம்? பிப்ரவரி. பச்சைக் கல்லைத் தேடிக்கிட்டு நிக்கிற உங்க அபார்ட்மெண்டு ஆத்தாக்களுக்கு யாரு பதில் சொல்றது? சந்தனத்துக்குள்ள இருக்காரு, கும்பிட்டுக்கங்கன்னு முன்னாடியே சொல்லிட்டா ஒரு மனக்கொறையும் வராது.

இன்னொண்ணு சொல்றேன், கேட்டுக்க. சேது யாத்திரைக்குன்னு ஒரு வரிசை உண்டு. உப்பூர்ப் பிள்ளையார்கிட்டச் சொல்லிட்டு, தேவிபட்டினத்துல கடலுக்குள்ள நிக்கிற நவபாஷாணத்தைச் சுத்தி, திருப்புல்லாணியில தர்ப்பையில படுத்திருக்குற ராமரைப் பார்த்து, சேதுக்கரையில முழுகிட்டு, அப்புறந்தான் ராமேஸ்வரம். காரியம் தொடங்க பிள்ளையாரு, கெரகத்துக்கு ஒன்பது கல்லு, கடல்கிட்ட வழி கேக்க ஒரு எடம், பாலம் கட்ட ஒரு எடம்னு ராமரு நடந்த கதையே அந்த வரிசையிலதான் இருக்கு. உன் டூர்க்காரன் கதையக் கடைசியிலேருந்து படிக்கிறான்.

பெரியவுகளும் சும்மா போடலப்பா அந்த வரிசைய. தேவிபட்டினத்துல கழுத்துக்கு மேல வெயில் ஏறுறதுக்குள்ள முடிச்சுறணும். மூணு மணி வெயில்ல அந்தக் கடற்கரையில நின்னுருக்கியா? மணலு காலைப் பொரிச்சுரும். காலையில அஞ்சு மணிக்கு மதுரைய விட்டா, ஏழரை மணிக்கெல்லாம் தேவிபட்டினம். ஒன்பது கல்லையும் சுத்தி வந்து, பதினஞ்சு கிலோமீட்டர் தள்ளி ராமநாதபுரத்துல இட்லிய முடிச்சுட்டு, அங்கேருந்து தெற்க பத்து கிலோமீட்டர் போனா திருப்புல்லாணி. பத்தரைக்குள்ள பெருமாள் முன்னாடி நிக்கலாம். அங்கிட்டு நாலஞ்சு கிலோமீட்டர்ல சேதுக்கரை. திரும்பி வந்து சோறு. உச்சி வெயில்ல உக்காந்து ஒறங்கு. சாயங்காலம் பாம்பனைத் தாண்டி, பொழுது இருக்கையிலயே ரூமுக்குப் போயிரு. உத்தரகோசமங்கைய மூணாம் நாளு திரும்பி வாரப்ப வச்சுக்க, காலையில. இதுக்கு ஒரு பக்கம் போதும். சூரியன் படமே வேணாம்.

பாம்பன்ல "பத்து நிமிஷம் போட்டோ ஸ்டாப்"பாம். ரோட்டுப் பாலத்து மேலயா? 1988லேருந்து தீவுக்குப் போற பஸ்ஸு, லாரி, மீன் வண்டி, பொண்ணு மாப்பிள்ளை வண்டி எல்லாத்துக்கும் அந்த ஒரு ரோட்டுப் பாலந்தான் வழி. நீ பஸ்ஸை அதுல ஓரங்கட்டுனா பின்னாடி தீவே நிக்கும். பக்கத்துல ரயில் பாலத்தைப் பாக்கணும்னு ஆசை இருந்தா தப்பில்ல. 1914ல தொறந்த பழைய பாலம் ரெண்டு கையா விரிஞ்சு கப்பலுக்கு வழிவிட்டுச்சு. 2022 கடைசியில அதுல ரயிலை நிறுத்திட்டாக. 2025 ஏப்ரல்ல தொறந்த புதுப் பாலத்துல நடுவுல இருக்குற 72 மீட்டர் சொச்சத் துண்டு அப்படியே படுத்தவாக்குல மேல தூக்கும். பாக்கணுமா, வண்டிய கரையில நிறுத்திட்டுப் பாரு. இல்ல, மதுரையிலேருந்து ரயில்லயே போ. டிக்கெட்டு விலைக்கு உன் "போட்டோ ஸ்டாப்"பை விடப் பெரிய கடலா ரெண்டு பக்கமும் கெடைக்கும்.

இப்ப ரெண்டாம் நாளுக்கு வருவோம். இதுலதான் பயபுள்ள தன் மூளையெல்லாம் கொட்டிருக்கான். காலை நாலரைக்கு அக்னி தீர்த்தத்துல "சன்ரைஸ் பாத்". அஞ்சேகாலுக்கு இருபத்திரண்டு தீர்த்தம். ஆறு மணிக்கு ஸ்படிகலிங்க தரிசனம். ஆறேகாலுக்கு மூணாம் பிரகாரத்துல குரூப் போட்டோ. ஏழுக்குக் காலை டிபன்.

மொதல்ல ஒண்ணு சொல்லு. நாலரை மணிக்கு எந்தச் சூரியன் வருது? அவன் போட்ட பதினெட்டுப் பக்கத்துச் சூரியன் வேணா வரும்.

அடுத்தது ஸ்படிகலிங்கம். அது விடியக்காலையில கோயில் தொறந்ததும் அஞ்சு மணியிலேருந்து ஆறு மணி வரைக்குந்தான். ஆறு மணிக்குப் போனா தரிசனம் முடிஞ்ச எடத்தைத் தரிசிக்கலாம். அப்படியே கொஞ்ச நேரம் முன்னாடி போய்ச் சேர்ந்துட்டன்னு வச்சுக்க, நீ எப்படிப் போற? இருபத்திரண்டு கிணத்துத் தண்ணியும் சொட்டச் சொட்டப் போற. ஈரத் துணியோட உள்ள சன்னிதிக்கு விடமாட்டாக. மாத்துத் துணி எங்க? பஸ்ஸுல. பஸ்ஸு எங்க? பெரிய பஸ்ஸு கோயில் வாசல் வரைக்கும் வராது, எங்கயோ தள்ளி நிக்கும். டிரைவர் எங்க? டீ குடிக்கப் போயிருப்பாரு. அவருக்குப் போன் போடலாம்னா கோயிலுக்குள்ள செல்போன் கொண்டுவரக் கூடாது. இப்ப நாப்பத்திரண்டு பேரும் நனைஞ்ச கோழியாட்டம் சுவத்தோரம் நிப்பீக. அந்த நிமிசம் உன் பிளான்ல என்ன போட்டுருக்கு? குரூப் போட்டோ! எதை வச்சு எடுப்ப, கொடத்தை வச்சா?

உள்ளூர்க்காரன் என்ன செய்வான் தெரியுமா? ரூமுல குழாயடியில குளிச்சுட்டு, உலர்ந்த வேட்டியோட நாலரைக்கெல்லாம் வரிசையில நின்னு, ஸ்படிகலிங்கத்தை மொதல்ல பார்த்துருவான். வெளிய வருவான். ஒரு காப்பித் தண்ணி. அப்புறம் அக்னி தீர்த்தம், அதாவது கெழக்கு வாசலுக்கு நேரா இருக்குற கடலு. திதி குடுக்க வேண்டியவுக அங்க குடுத்துட்டு முழுகுவாக. அந்த ஈரத்தோட இருபத்திரண்டு கிணறு. கடைசியா கோடி தீர்த்தம். அதை முடிச்சுட்டு உலர்ந்த துணி மாத்திக்கிட்டு, சாமி தரிசனம். உள்ளயும் ஒரு ஒழுங்கு உண்டு. அனுமாரு கைலாசத்துலேருந்து கொண்டுவந்தாரு ஒரு லிங்கம், விசுவநாதரு. மொதப் பூசை அவருக்குத்தான். லேட்டா வந்துட்டோமேன்னு அவரு கோவிச்சுக்கக் கூடாதுன்னு ராமரே செஞ்ச ஏற்பாடு. அப்புறந்தான் சீதை மணல்ல பிடிச்ச ராமநாதரு. பார்த்தியா, லேட்டா வந்தவருக்குக்கூட அங்க மரியாதை உண்டு. உன் டூர்க்காரன் அஞ்சு நிமிசம் லேட்டானா விசிலு ஊதுவான்.

இப்ப அந்த இருபத்திரண்டு கிணத்துக்கு அவன் போட்டுருக்குற நாப்பத்தஞ்சு நிமிசத்தைப் பாப்போம். கணக்குல நான் அம்புட்டுக் கெட்டி இல்ல, ஆனா இது விரலு மடக்குற கணக்குதான்.

கிணத்து விளிம்புல ஒருத்தர் ஏறி நின்னுக்கிட்டு, கயித்துல கட்டுன வாளிய விட்டு இறைச்சு, கீழ நிக்கிறவுக தலையில ஊத்துவாரு. ஒரு தலைக்கு அஞ்சு நொடின்னு வையி. நாப்பத்திரண்டு தலைக்கு 210 நொடி, மூணரை நிமிசம். இருபத்திரண்டு கிணத்துக்கு 77 நிமிசம் ஆச்சா? இது ஒரு கிணத்துலேருந்து அடுத்த கிணத்துக்குப் பறந்து போனா. நீங்க நடந்துல்ல போகணும்? அதுவும் ஈரக் கல்லுத் தரையில, வெறுங்காலோட, நனைஞ்ச சேலை காலைச் சுத்த. எழுபது வயசு ஆத்தா ஒண்ணு வழுக்கி உக்காந்தா அங்க உன் பிளானும் கூட உக்காந்துரும். ஆக, கூட்டமே இல்லாத நாள்ல ஒண்ணே முக்கா மணி நேரம். சனி ஞாயிறுன்னா அதுக்கு மேல. ஆடி அமாவாசை, தை அமாவாசை, மாளய அமாவாசைன்னா மணிக்கணக்கைச் சொல்ல முடியாது, கடலுக்கும் கோயிலுக்கும் நடுவுல தலையாத்தான் தெரியும்.

அதைவிட முக்கியம், மதியம் ஒரு மணிக்கு நடை சாத்திருவாக. திரும்பத் தொறக்க மூணு. பன்னெண்டு மணிக்கு மேல கிணத்துப் பக்கம் போனியன்னா, பாதி பாவத்தைத்தான் கழுவிட்டு வரவேண்டியிருக்கும். பதினோராவது கிணத்துல நிக்கையில ஆட்டத்தை நிறுத்திட்டா மிச்சம் பதினொண்ணை யாரு தலையில ஊத்துறது?

அதனால நாப்பத்திரண்டு பேரையும் ஒரே மந்தையா ஓட்டாத. பத்து, பன்னெண்டு பேரா நாலு கூட்டமாப் பிரி. ஒவ்வொரு கூட்டத்துலயும் தள்ளாத ஆளு ரெண்டு, தாங்குற ஆளு ரெண்டு இருக்கணும். முழங்கால் வலிக்காரவுகளைப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போவாத. கோடி தீர்த்தத்துத் தண்ணிய ஒரு சொம்புல கொண்டாந்து தெளிச்சா அவுகளுக்கும் புண்ணியம் வரும். ராமநாதரு ஒண்ணும் வாளிய எண்ணிக்கிட்டு இருக்குறவரு இல்ல.

காசு விசயம். 7,999க்குக் கீழ நட்சத்திரக் குறி ஒண்ணு இருந்துச்சே, பார்த்தியா? பதினேழாம் பக்கத்துல எறும்பு எழுத்துல அதுக்கு விளக்கம் இருக்கு. தீர்த்த டிக்கெட்டு சேராது. தண்ணி இறைக்கிறவுகளுக்குக் குடுக்குறது சேராது. திதி, தட்சிணை சேராது. ஆட்டோ சேராது. ரெண்டாம் நாளு மதியச் சோறும் ராச்சோறும் சேராது. ராமேஸ்வரத்துக்கு எதுக்குப் போறமோ அதெல்லாம் சேராது. தலைகாணியும் வரவேற்பு ஜூஸும் சேரும்.

தீர்த்தமாட கோயில்ல வாங்குற டிக்கெட்டு வருசக்கணக்கா 25 ரூபாதான். ஏத்திருந்தாலும் பலகையில போட்டுருப்பாக, படிச்சுக்க. அதைத் தவிர வாளிக்காரவுக கேக்குறது ஆளைப் பொறுத்தது. கும்பலா, ஒரே மாதிரித் தொப்பி போட்டுக்கிட்டு வந்தா தொகை ஏறும். அந்தத் தொப்பிய முதல்ல கழட்டு. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே மொத்தமா இம்புட்டுன்னு பேசிக்க. பதினஞ்சாவது கிணத்துல நனைஞ்சுக்கிட்டு நின்னு பேரம் பேசுனா நீதான் தோப்ப.

நான் ஒரு உத்தேசம் போட்டேன். அன்னைக்கு வெலை கூடக்கொறைய இருக்கும், கணக்கு எப்படி ஓடுதுன்னு மட்டும் பாரு. டிக்கெட்டு 25, வாளிக்கு 100, போகவர ஆட்டோப் பங்கு 100, ரெண்டு வேளைச் சோறு 250. ஆளுக்கு 475. புருசன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கு 950. திதிக்கு ஒரு 500 வையி. ஆக அந்தக் குடும்பத்துக்கு 1,450. இதைக் கையில வச்சுக்கிட்டு வாங்கன்னு மொதப் பக்கத்துலயே போட்டா என்ன கொறைஞ்சுரும்? ரெண்டாம் நாளு காலையில அக்னி தீர்த்தத்துக் கரையில, ஈரச் சேலையோட நிக்கிற பொம்பளைகிட்ட "எக்ஸ்ட்ரா மேடம்"னு கை நீட்டுறதை விட இது மரியாதை இல்லையா? சில்லறையா மாத்திக்கிட்டு வரச் சொல்லு. கடல்ல முழுகிட்டு வார ஆளுகிட்ட ஸ்கேன் பண்ணச் சொன்னா எங்கேருந்து பண்ணுவான்?

இந்தச் சேது வழிக்குப் பிளான் போட்டது உன் கம்பெனிதான் மொதல்ல இல்ல, அப்பு. தஞ்சாவூர்லேருந்து ராமேஸ்வரம் வரைக்கும் ரோட்டோரம் சத்திரம் சத்திரமாக் கட்டி வச்சாக மராட்டிய ராசாக்க. ஒரத்தநாட்டுல முத்தாம்பாள் சத்திரம் இன்னைக்கும் நிக்குது, இரண்டாம் சரபோசி கட்டுனது. அவரு 1801ல கும்பினி ரெசிடெண்டுக்கு ஒரு கடிதம் எழுதுனாரு. எங்கூர் வாத்தியாரு ஒருத்தரு அதைப் படிச்சுச் சொல்லிருக்காரு. சத்திரத்துல சாதி பாக்காம வழிப்போக்கர் எல்லாருக்கும் சோறு. ஆக்குன சோறு ஆகாதவுகளுக்கு அரிசி பருப்பு. நடந்து வாரவன் வழியில காய்ச்சல்ல படுத்துட்டா வைத்தியம். புள்ளத்தாச்சிக்குப் பேறு பாக்க ஆளு. எல்லாத்துக்கும் மேல, நடு ராத்திரியில மணி அடிப்பாகளாம். இன்னும் சாப்பிடாதவன் எவனாச்சும் இருந்தா வந்து சாப்பிடுன்னு. அந்தப் பிளான்ல நட்சத்திரக் குறி இல்ல. உன்னோடதுல "டின்னர் பஃபே க்ளோசஸ் அட் 8.30 ஷார்ப்"னு போட்டுருக்கு.

இனி மூட்டை முடிச்சு. "பேக்கிங் நோட்ஸ்"ல இருபத்தாறு சாமான். சன்ஸ்கிரீன், கழுத்துத் தலைகாணி, மலையேறுற பூட்ஸு, செல்ஃபிக் குச்சி, பவர் பேங்கு. அப்புறம் டிரஸ் கோடு: எல்லாரும் வெள்ளை, ஓரத்துல தங்கக் கரை, "ஏரியல் ஷாட்டுக்காக". ராமேஸ்வரத்துல எந்த மலையில ஏறப் போற? இருபத்திரண்டு கிணத்துல ஊத்தி ஊத்தி நனையப் போற பொம்பளப் புள்ளைகளுக்கு மெல்லிசு வெள்ளைத் துணிய எந்த அறிவாளிய்யா சொன்னான்? அந்தப் புள்ளைக கைய நெஞ்சோட கட்டிக்கிட்டே இருபத்திரண்டையும் சுத்தும், சாமி நெனப்பே வராது. கெட்டியான, கருங்கலர்ப் பருத்தித் துணி. சேலைய விட சுடிதாரு தேவலை, காலு தட்டாது. ஊக்கு நாலு. ஆம்பளைக்கு வேட்டிய இறுக்கிக் கட்ட ஒரு பெல்ட்டு.

துண்டு ரெண்டு, மாத்துத் துணி ஒரு செட்டு. அதை பஸ்ஸுல வைக்காம கையோட ஒரு பைய்க்குள்ள வச்சு, குளிக்காத ஆளு ஒருத்தர்கிட்ட குடுத்து உக்கார வையி. ஒவ்வொரு கூட்டத்துலயும் சளிக்காரன் ஒருத்தன் இருப்பான், அவன்தான் அன்னைக்குக் காவல். ஈரத்துணி போட ரெண்டு பிளாஸ்டிக் பை. நகை வீட்டுல இருக்கட்டும். கடல்ல முழுகையில கழண்டு போன சங்கிலிய எந்தச் சாமியும் எடுத்துக் குடுத்ததில்ல. சக்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைய நனையாம பொட்டலம் கட்டிக்கணும், வெறும் வயித்தோட நாலு மணிக்கு எந்திரிச்சவுக கையில ரெண்டு பிஸ்கட்டும் வச்சுக்கணும். கிறுகிறுத்து விழுறது பெரும்பாலும் பக்தியால இல்ல, பசியால.

போன் இல்லாம உள்ள போறதால ஒண்ணு செய்யி. டிரைவர் நம்பரு, லாட்ஜு பேரு, பஸ்ஸு நம்பரு மூணையும் ஒரு சீட்டுல எழுதி, பிளாஸ்டிக்ல சுத்தி, ஒவ்வொருத்தர் இடுப்புலயும் முடிஞ்சு விடு. ஆயிரத்துச் சொச்சம் தூணு இருக்குற பிரகாரம்ப்பா அது. எந்தப் பக்கம் பாத்தாலும் ஒரே மாதிரி நீளும். அதுல ஒரு பெரியவரு வழி தப்புனா எந்த வாசல்ல வெளிய வந்தோம்னே தெரியாது. கெழக்கு வாசல், கடலுக்கு எதிரன்னு ஒரு எடத்தை முன்னாடியே சொல்லி வச்சுட்டா தேடல் மிச்சம். உங்க பதினெட்டுப் பக்கத்துல தேடிப் பார்த்தேன், இது ஒரு வரி இல்ல. டிரோன் மட்டும் ரெண்டு எடத்துல இருக்கு.

காசியிலேருந்து கங்கைத் தண்ணி கொண்டாந்தவுக யாராச்சும் இருந்தா, அதைச் செம்பு, பித்தளை, வெண்கலத்துல எதுலயாச்சும் மாத்திக்கிட்டு வரச் சொல்லு. தகரம், இரும்பை அபிஷேகத்துக்குச் சேர்க்க மாட்டாக.

கடைசியா தனுஷ்கோடி. ஆறரைக்கு "சன்செட் அட் லேண்ட்ஸ் எண்டு", ஏழு மணிக்கு "பான்ஃபயர் வித் பஜன்". ஏம்ப்பா, பொழுது சாயும் முன்னாடியே போலீசுக்காரவுக வண்டியெல்லாம் திருப்பி விட்டுருவாக. அங்க விளக்கு கெடையாது, ஒதுங்க நிழலு கெடையாது. 1964 டிசம்பர் 22 ராத்திரி அடிச்ச புயலு ஒரு ஊரையே வாரிக்கிட்டுப் போச்சு. ஸ்டேஷனை நெருங்கிக்கிட்டு இருந்த பாசஞ்சர் ரயிலு, ஆளுகளோட முழுகுச்சு. சர்ச்சும் ஸ்டேஷனும் சுவரா நிக்குறதை நீயும் பாப்ப. அந்த மணல்ல நின்னுக்கிட்டு தீ மூட்டிப் பாட்டுப் பாடணுமா? அந்த ரயில்ல போனவுகளுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு வா, போதும்.

மதியம் ஒறங்கி எந்திரிச்சு மூணு மணிக்குக் கெளம்பு. வழியில கோதண்டராமரைப் பாரு, விபீஷணனுக்கு முடி சூட்டுன எடம். புயல்ல எல்லாம் போயும் அது நின்னுச்சு. அரிச்சல்முனையில ஒரு பக்கம் பெண்கடல், ஒரு பக்கம் ஆண்கடல்னு சொல்லுவோம். வடக்க இருக்குறது சாது, தெக்க மன்னார் பக்கம் முரடு. வாடைக் காலத்துல சாதுவும் சாமியாடும். ரெண்டும் சேர்ற முனையில நீரோட்டம் அடியில இழுக்கும், மேல பார்த்தா தெரியாது. அங்க காலை நனைக்கிறதோட நிறுத்திக்க. உன் பதிமூணாம் பக்கத்துல "ஃப்ளோட்டிங் ஸ்டோன் கலெக்‌ஷன்"னு ஒண்ணு இருக்கே, அதை அடிச்சுரு. மெதக்குற கல்லுன்னு கடையில வச்சிருக்குறதெல்லாம் பெரும்பாலும் பவளப்பாறை. கடல்லேருந்து பவளத்தை எடுக்குறது வனவிலங்குச் சட்டப்படி குத்தம். புண்ணியம் தேடி வந்து ரேஞ்சர் ஆபீசுல உக்காந்துறாத. ராமேஸ்வரம் போயும் சனீஸ்வரன் தொலையலன்னு ஊர்ல சும்மாவா சொல்லி வச்சாக?

ஆக, பதினெட்டுப் பக்கத்துல நீ முக்கியமாத் திருத்த வேண்டியது நாலு. மொத நாளு வரிசையத் தலைகீழா மாத்து. ரெண்டாம் நாளு ஸ்படிகலிங்கத்தைக் குளியலுக்கு முன்னாடி வையி, கிணத்துக்கு ரெண்டு மணி நேரம் விடு. சேராத செலவை மொதப் பக்கத்துக்குக் கொண்டா. தனுஷ்கோடிய மூணு மணிக்கு ஆக்கு. கம்பெனிக்காரன் முடியாதுன்னா, அட்வான்சைத் திருப்பிக் கேளு. ராமநாதபுரம் வரைக்கும் ரயில்ல வந்துட்டா, பஸ்ஸு பிடிச்சு விடுறதுக்கு நான் இருக்கேன்.

தேதிய முடிவு பண்றதுக்கு முன்னாடி பஞ்சாங்கத்துல அமாவாசை என்னைக்குன்னு மட்டும் பார்த்துச் சொல்லு. திதி குடுக்குறவுக இருந்தா அமாவாசை, இல்லாட்டி செவ்வா, புதன். சனிக்கிழமை மட்டும் வேணவே வேணாம்.